எச்.எம். டீச்சருக்கு நாங்கள் பேசிய இரண்டு நிமிடம்

போன வாரம், நான் படித்த பள்ளியில் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, எச்.எம். டீச்சர் ரிட்டயர் ஆனப்ப நீங்க பேசுனீங்களே, அந்தப் பேப்பர் இருந்தா வாட்ஸ்அப்ல அனுப்புங்கக்கா. பேரை மட்டும் மாத்திக்கிறோம்" என்றாள். பேப்பர் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரை மாற்றினால் அதில் ஒரு வரிகூடத் தேறாது. அதனால் அவளுக்கு உரையோடு சேர்த்து, அது எப்படி உருவானது என்பதையும் எழுதி அனுப்பினேன். அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளி வடசென்னையில், கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பின்சுவரை ஒட்டி ரயில் பாதை. டீச்சர் ஓய்வு பெறுவது 2024 மே மாதத்தில். ஆனால் மார்ச் 1-ஆம் தேதி எங்களுக்குப் பொதுத்தேர்வு தொடங்கிவிடும், அதற்குப் பிறகு பிளஸ் டூ மாணவர்கள் ஒன்றாகப் பள்ளிக்கு வர மாட்டார்கள். அதனால் விழாவை பிப்ரவரியிலேயே, செய்முறைத் தேர்வு முடிந்த கையோடு வைத்துவிட்டார்கள். ஏ.எச்.எம். சார் எங்கள் வகுப்பு லீடரையும் என்னையும் கூப்பிட்டு, "ஸ்டூடண்ட்ஸ் சார்பா நீங்க ரெண்டு பேர். அஞ்சு நிமிஷம். அழுது மானத்தை வாங்கக் கூடாது" என்றார்.

நாங்கள் ஒரே இரவில் மூன்று பக்கம் எழுதினோம். மெழுகுவர்த்தி இருந்தது, ஏணி இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது, செதுக்கிய சிற்பி இருந்தார். தமிழய்யா அதை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, வேறு எந்த எச்.எம்முக்கும் படிக்கக் கூடிய வரிகளை அடித்துக்கொண்டே வந்தார். மெழுகுவர்த்தி வந்ததும் நிறுத்தி, "ஏம்மா, ரிட்டயர் ஆகப்போறவங்களைப் பாத்து உருகி முடிஞ்ச மெழுகுவர்த்தினு சொன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?" என்றார். கடைசியில் மூன்று பக்கத்தில் பிழைத்தது ஒரே வரி: "காலை எட்டே முக்காலுக்கு கேட்டில் நோட்டோடு நின்று, தாமதமாக வருபவர்களின் பெயரை எழுதுவார்." அது மட்டும்தான் எங்கள் டீச்சர். மற்றதெல்லாம் யாரோ.

"நினைவு ஒண்ணு வேணும். ஒண்ணே ஒண்ணு. போய் யோசிங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் எங்களுக்கு நான்கு நாள் ஆனது. எழுத ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

முதலில் அந்த கேட் விஷயத்தையே நினைவாகச் சொல்லலாம் என்று பார்த்தோம். எல்லோருக்கும் தெரிந்தது, சிரிப்பும் வரும். ஆனால் சொல்லிப் பார்த்தால் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. தினமும் நடப்பது பழக்கம். அதில் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க எதுவும் இல்லை. நினைவு என்றால் அதற்கு ஒரு தேதி வேண்டும், அன்று மட்டும் நடந்த ஏதோ ஒன்று வேண்டும். கேட்டை வேறு எங்கேயாவது பயன்படுத்தலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

லீடர் சொன்னது இரண்டாவது. எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அப்பா இறந்து, அவன் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான். டீச்சர் மூன்று முறை அவன் வீட்டுக்கே போய், அவன் அம்மாவிடம் பேசிக் கூட்டி வந்தார். இதைவிட நல்ல கதை கிடையாது என்பது லீடரின் கட்சி. எனக்கு ஏதோ உறுத்தியது. அவனிடமே கேட்டோம். "சொல்லுங்க, பரவால்ல" என்றான். ஆனால் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். விழா அன்று அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான். கதையைக் கேட்டதும் அறுநூறு பேரும் டீச்சரைப் பார்க்க மாட்டார்கள், திரும்பி அவனைத்தான் பார்ப்பார்கள். டீச்சரும் அதை யாருக்கும் சொல்லாமல்தான் செய்திருந்தார். அந்தக் கதை எங்களுடையது அல்ல, அவனுடையது. அவன் அதை ஒரு கடிதமாக எழுதி அவரிடமே கொடுத்தான். என்ன எழுதினான் என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் புயல்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது எங்கள் பக்கத்தில் தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. பள்ளி ஒரு வாரம் மூடியிருந்து, 11-ஆம் தேதி திங்கட்கிழமை திறந்தது. நனைந்த பாடப் புத்தகத்துக்குப் பதில் அரசு புதிய புத்தகம் கொடுத்தது. ஆனால் ரெக்கார்டு நோட்டை யார் கொடுப்பார்கள்? பிளஸ் டூ படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியது, ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஆசிரியர் கையெழுத்து வாங்கியது, பிப்ரவரியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் வைக்க வேண்டியது. திரும்ப எழுத உட்கார்ந்தால் பாடம் படிக்க நேரமே இருக்காது.

டீச்சர் அடிப்படையில் இயற்பியல் ஆசிரியை. நோட்டுகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இடது பக்கம் படங்களும் கணக்கும் பென்சிலில் இருந்ததால் அப்படியே இருந்தன. பால்பாயிண்ட் பேனாவில் எழுதியதும் தப்பித்திருந்தது. ஜெல் பேனாவில் எழுதியவர்களுக்குத்தான் கரைந்து போயிருந்தது. "முக்கால்வாசி உசிரோட இருக்கு. காய வைப்போம்" என்றார். வராந்தா தூண்களுக்கு நடுவே நைலான் கயிறு கட்டி, நோட்டுகளை நடுப்பக்கத்தில் விரித்துத் தொங்கவிட்டோம். வெயிலில் வைக்க விடவில்லை. அட்டை முறுக்கிக்கொள்ளும், பக்கங்கள் அப்பளம் மாதிரி ஆகிவிடும் என்றார். நிழலில், காற்றில்தான் காய வேண்டும். முதலில் இடையில் செய்தித்தாள் வைத்துப் பார்த்தோம். ஈரத்தில் அந்த மை நோட்டில் ஒட்டியது. பிறகு வீடுகளிலிருந்து பழைய வெள்ளை வேட்டிகள் வந்தன.

காய்ந்த பிறகும் பக்கங்கள் நெளிந்து நெளிந்து நின்றன. அப்போதுதான் டீச்சர் பள்ளிக்கு எதிரில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணனைக் கூப்பிட்டார். அவர் வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு வந்து, பக்கத்தின் மேல் வேட்டித் துணியைப் போட்டு, கரிப் பெட்டியால் லேசாக ஒரு இழுப்பு இழுப்பார். பக்கம் படிந்துவிடும். மூன்று நாள், நூற்றிப் பதினேழு நோட்டு. இரண்டாம் நாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் டீச்சரே பெட்டியைப் பிடித்தார். கரிப் பெட்டிக்குச் சூட்டைக் குறைக்கும் திருகு எதுவும் கிடையாது, கையைத்தான் வேகமாக எடுக்க வேண்டும். அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் பெட்டியின் மூக்கு வடிவத்தில் பழுப்பாக ஒரு கருகல். அந்த நோட்டு என்னுடையது.

இந்த நினைவுதான் என்று இருவரும் ஒரே நேரத்தில் முடிவு செய்தோம். காரணம் வெள்ளம் அல்ல. மேடையில் வெள்ளத்தைப் பற்றிப் பேச நிறைய பேர் இருந்தார்கள். இந்தச் சம்பவத்தில் பிளஸ் டூ மொத்தமும் இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வேட்டி கொண்டு வந்தார்கள். ஆசிரியர்கள் கயிறு கட்டினார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் "ஆமா, நானும் இருந்தேன்" என்று நினைக்க முடிந்தால்தான் அது மாணவர்கள் எல்லோர் சார்பிலும் பேசுவதாகும். எனக்கும் டீச்சருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லியிருந்தால் அது என் பெருமையாகப் போயிருக்கும்.

ஏ.எச்.எம். சார் பேப்பரைப் பார்த்ததும் முகம் மாறியது. "எச்.எம். நோட்டை எரிச்சாங்கனு மேடையில சொல்லப் போறீங்களா? கெஸ்ட் எல்லாம் உக்காந்திருப்பாங்க" என்றார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. கிண்டலுக்கும் அவமரியாதைக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று எங்களுக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் இருக்கும் கிளார்க் அக்காதான் தீர்த்து வைத்தார். "அதை யாரு வந்தாலும் மேடமே சொல்லிச் சிரிப்பாங்களே! போன மாசம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்ககிட்டகூட சொன்னாங்க." அதுதான் எங்களுக்கு அளவுகோலானது. அவர் தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிப்பதை நாமும் சொல்லலாம். அவர் வாயில் ஒருநாளும் வராததை நாம் தொடக் கூடாது. உதாரணத்துக்கு, அவர் மைக்கில் "ஸைலன்ஸ்" என்று சொல்லும் விதத்தை லீடர் அச்சாகப் பேசிக் காட்டுவான், கேட்டால் வயிறு வலிக்கும். அது அவருக்குத் தெரியவே தெரியாது. எடுத்துவிட்டோம்.

தமிழய்யா இன்னொரு வேலை செய்தார். "டீச்சர் பக்கத்தைக் கருக்கிவிட்டார்" என்று எழுதியிருந்தேன். அதைப் "பக்கம் கருகியது" என்று மாற்றினார். 'கருக்கி'யில் ஓர் எழுத்து குறைந்து 'கருகி' ஆனது. கருக்கினார் என்றால் குற்றம் சொல்கிற மாதிரி இருக்கிறது, கருகியது என்றால் நடந்தது மட்டும் இருக்கிறது. பொறுப்பை ஏற்கும் வரி டீச்சர் வாயிலிருந்தே வரட்டும், அதை அவர்தான் எழுதியும் வைத்திருக்கிறாரே என்றார். அது என்ன என்பது உரையில் வருகிறது.

"தாங்கள்" என்று எழுதியதையும் எடுக்கச் சொன்னார். வாழ்த்து மடலில், பொன்னாடை போர்த்தும்போது வாசிப்பதில் தாங்கள் சரி. பிள்ளைகள் டீச்சரைப் பார்த்துப் பேசுவதில் "நீங்கள்" போதும், மரியாதை குறையாது. ஆனால் அதைவிட முக்கியமாக அவர் சொன்னது, யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்பது. எங்கள் பேப்பரில் ஒரு வரி "அவர்", அடுத்த வரி "நீங்கள்", அடுத்தது மறுபடி "அவர்" என்று தாவிக்கொண்டிருந்தது. நினைவைச் சொல்லும்போது முழுக்க எதிரில் இருப்பவர்களைப் பார்த்து, "அவர்" என்றே சொல்லுங்கள். முடிவில் ஒரே ஒரு முறை டீச்சர் பக்கம் திரும்பி, "நீங்கள்" என்று தொடங்குங்கள். உடம்பும் திரும்ப வேண்டும். மைக் ஸ்டாண்ட் திரும்பாது என்பதால் அந்த இடத்தில் மைக்கைக் கழற்றிக் கையில் எடுக்க வேண்டும். இதை ஆறேழு முறை வெறும் மேடையில் செய்து பழகினோம். முதல் இரண்டு முறை வயர் காலில் சிக்கியது.

நேரம் பார்த்தோம். எங்கள் வேகத்துக்கு ஒரு நிமிடத்தில் நூறு சொல்லுக்கு மேல் போகவில்லை. ரயில் போகும்போது நிறுத்தித்தான் ஆக வேண்டும், கூட்ஸ் வண்டி என்றால் இன்னும் மோசம். ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம். அதில் எதைத் தூக்கினாலும் கதை குலையாமல் நிற்கும் என்று தெரிந்த பகுதிகளைப் பென்சிலால் சுற்றி வைத்தோம். அந்தப் பென்சில் வட்டம்தான் அன்று காப்பாற்றியது.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தார். அவர் பேசினார், அவரோடு வந்தவர்கள் பேசினார்கள். எனக்குத் தெரிந்து மூன்று மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது. ஏ.எச்.எம். சார் மேடைப் பக்கவாட்டில் வந்து, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு நிமிடம். லீடர் முகம் வெளுத்துவிட்டது. நான் பேப்பரைத் திருப்பிக் காட்டினேன். பென்சிலில் சுற்றியதெல்லாம் போனது: மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளிக்கும் பத்தி, ஆசிரியர்களுக்கு நன்றி, அவருடைய பணிக்காலச் சாதனைகள். விளிப்பதை ஏற்கெனவே வரவேற்புரையில் செய்துவிட்டார்கள். சாதனைகளை மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மீதம் இருந்தது எங்களிடம் மட்டும் இருந்த ஒன்று.

இதுதான் நாங்கள் பேசியது. முதலில் நான், பிறகு லீடர், மறுபடி நான்.

"அனைவருக்கும் வணக்கம். எங்கள் எச்.எம். டீச்சருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

டிசம்பர் 11. புயலுக்குப் பிறகு பள்ளி திறந்த திங்கட்கிழமை. நம்மில் பாதிப் பேர் அன்று யூனிபார்ம் இல்லாமல் வந்தோம். பையில் ரெக்கார்டு நோட்டு கருவாடு மாதிரி இருந்தது. வாசனையும் அப்படித்தான். டீச்சர் பிரேயரில் கேட்டார், 'யார் யாருக்கு நோட்டு நனைஞ்சுது? கை தூக்குங்க.' தூக்காத கையை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

அடுத்த நாள் இந்த வராந்தா முழுக்கக் கொடி கட்டி நோட்டு காய்ந்தது. அதற்கடுத்த நாள் இஸ்திரி அண்ணன் வண்டியோடு உள்ளே வந்தார். வந்தவர் கேட்டார், 'இன்னா டீச்சர், நோட்டுக்கெல்லாமா இஸ்திரி போடுவாங்க?' டீச்சர் சொன்னார், 'சட்டை கசங்குனா போடுறோம்ல?'

டீச்சரும் பெட்டியைப் பிடித்தார். என் நோட்டில் மீட்டர் சமனச்சுற்றுப் பக்கம் கருகியது. எனக்கு அழுகை வரவில்லை. டீச்சர் முகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவர் பச்சை மைப் பேனாவை எடுத்தார். பக்கத்தின் ஓரத்தில் எழுதினார்: 'இப்பக்கம் என்னால் கருகியது.' கீழே கையெழுத்து. தேதி. அலுவலக முத்திரை.

டீச்சர், நீங்கள் காய வைத்த நூற்றிப் பதினேழு நோட்டும் தேர்வுக்குப் போய்விட்டது. ஒருவரும் திரும்ப எழுதவில்லை. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் உள்ளே வாருங்கள். எட்டே முக்காலுக்கு மேல் வந்தாலும், நாங்கள் பேரை எழுத மாட்டோம்."

ஒதுக்கி வைத்திருந்த கேட் கடைசி வரியில் இப்படித்தான் வந்து உட்கார்ந்தது.

சொன்னபடி எல்லாம் நடக்கவில்லை. மைக்கைக் கழற்றி அவர் பக்கம் திரும்பி "டீச்சர்" என்றதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒத்திகையில் வெறும் நாற்காலியைப் பார்த்துத்தான் திரும்பியிருந்தேன், அதில் ஆள் உட்கார்ந்திருப்பது வேறு விஷயம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல வேளை, இருவருமே முழு உரையையும் மனப்பாடம் செய்திருந்தோம். லீடர் என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "நீங்கள் காய வைத்த" என்று தொடங்கி முடித்துவிட்டான். கீழே இருந்தவர்கள் அதையும் ஏற்பாடு என்றே நினைத்தார்களாம். இனி யாராவது கேட்டால், ஒத்திகையில் அந்த நாற்காலியில் ஒரு தோழியையாவது உட்கார வையுங்கள் என்பேன்.

"இன்னா டீச்சர்" என்ற வரிக்குத்தான் அதிகச் சிரிப்பு. ஏ.எச்.எம். சார் அதை "என்ன டீச்சர்" என்று மாற்றச் சொல்லியிருந்தார். இஸ்திரி அண்ணன் அப்படிப் பேசவில்லையே சார் என்று விட்டுவிட்டோம். அண்ணன் அன்று கேட்டோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு டீச்சர் ஏற்புரைக்கு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் நன்றி சொல்வார் என்று நினைத்தோம். அவர் என்னைப் பார்த்தார்.

"அந்த மீட்டர் சமனச்சுற்றுப் பக்கம் இருக்கே கண்ணு, அதுல உன் கணக்கு தப்பு. கருகுனதால யாரும் பாக்கலை."

ரெக்கார்டு நோட்டுகள் பள்ளியிலேயே இருந்துவிட்டன. அதனால் அது நிஜமா, கிண்டலா என்று இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.